தினசரி எக்ஸ்சேஞ்ச் ரேட் டேபிள்: சோர்ஸ் கைவிட்டால் பழைய ரேட்டில் ஓட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்டியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் பில்லிங் பக்கம் பார்க்கிறேன். வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு டாலரிலும் யூரோவிலும் இன்வாய்ஸ் போடுவோம், கணக்கு ரூபாயில் போகும். நடுவில் ஒரு ரேட் டேபிள். அதைப் பற்றி புதிதாக வரும் பிள்ளைகளும், அக்கவுன்ட்ஸ் அக்காவும், எங்களைப் போலவே டேபிள் வைத்திருக்கும் பக்கத்து ஆபீஸ் நண்பர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் டீக்கடையில் நின்று விளக்குவதற்கு இது மேல் என்று எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

இந்த ரேட் டேபிள்னா என்ன சார், ரேட் வேணும்னா அப்பப்போ நெட்ல எடுத்துக்க வேண்டியதுதானே?

ஒரு நாளைக்கு ஒரு ரேட், ஒரு நாணய ஜோடிக்கு ஒரு வரி, அவ்வளவுதான் டேபிள். இன்வாய்ஸ், செலவுக் கணக்கு, மாதக் கடைசி ரிப்போர்ட் எல்லாம் அந்த ஒரே வரியைப் பார்த்து கணக்குப் போடும். அப்பப்போ நெட்டில் எடுத்தால் காலை பத்து மணிக்கு போட்ட இன்வாய்ஸும் சாயங்காலம் ஓடும் ரிப்போர்ட்டும் ஒரே டாலருக்கு இரண்டு வெவ்வேறு ரூபாய் மதிப்பைக் காட்டும், அப்புறம் எது சரி என்று அரை நாள் சண்டை. அதோடு, மூன்று மாதம் கழித்து "அன்றைக்கு என்ன ரேட் போட்டீங்க" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

டேபிள் ரொம்ப எளிமையானது. எங்களுடையது இப்படி:

```sql
CREATE TABLE fx_rate (
  rate_date  date          NOT NULL,
  base       char(3)       NOT NULL,
  quote      char(3)       NOT NULL,
  rate       numeric(18,8) NOT NULL,
  source     text          NOT NULL,
  fetched_at timestamptz   NOT NULL,
  PRIMARY KEY (rate_date, base, quote, source)
);
```

இதில் `rate_date` என்பது சோர்ஸ் சொல்லும் தேதி, நாம் எடுத்த தேதி இல்லை. நாம் எடுத்த நேரம் `fetched_at`-இல் போகும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் கீழே வரும் பாதி பிரச்சினைகள் அங்கேயே பிறந்துவிடும்.

எந்த ரேட்டை எடுக்கணும்? கூகுள்ல தேடினா வர்றதை எடுத்தா ஆகாதா?

கூகுளில் வருவது அந்த நேரத்துச் சந்தை நிலவரம், நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நமக்கு வேண்டியது ரெஃபரன்ஸ் ரேட், அதாவது ஒரு பொறுப்பான அமைப்பு ஒரு நாளுக்கு ஒரு முறை கணக்கிட்டு வெளியிடும் ரேட். இந்தியாவில் இதை முன்பு ரிசர்வ் வங்கியே செய்தது. 2018 ஜூலையிலிருந்து எஃப்பிஐஎல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா செய்கிறது. டாலர், பவுண்டு, யூரோ, யென் ஆகியவற்றுக்கான ரூபாய் மதிப்பு மதியம் ஒன்றரை மணி வாக்கில் வரும். யென் மட்டும் நூறு யென்னுக்கு இவ்வளவு என்று வரும், அதை மறந்து ஒரு யென்னுக்கு என்று ஏற்றிவிட்டு ஜப்பான் கிளையன்ட்டுக்கு நூறு மடங்கு பில் அனுப்பப் பார்த்த ஆளை எனக்குத் தெரியும். (நான்தான்.)

இன்னொரு பிரபலமான சோர்ஸ் ஐரோப்பிய மத்திய வங்கி. அங்கே எல்லாமே யூரோவுக்கு எதிரான ரேட். டாலருக்கு ரூபாய் வேண்டுமென்றால் வகுத்துக்கொள்ள வேண்டும்: ஒரு யூரோ 90.18 ரூபாய், அதே யூரோ 1.08 டாலர் என்றால் ஒரு டாலர் 83.50 ரூபாய். `eurofxref-daily.xml` என்ற ஃபைலில் இலவசமாகக் கிடைக்கும் என்பதால் பலரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். எதை எடுத்தாலும் சரி, `source` ஃபீல்டில் பெயரை எழுதி வையுங்கள்.

ராத்திரி 12 மணிக்கு கிரான் போட்டிருக்கேன், போதுமா?

ஓடும், ஆனால் ஒரு நாள் தேவையில்லாமல் பின்தங்குவீர்கள். மதியம் ஒன்றரைக்கு வந்த ரேட் நள்ளிரவு வரை டேபிளில் இருக்காது, மதியத்துக்கு மேல் போடும் இன்வாய்ஸ் எல்லாம் முந்தைய நாள் ரேட்டில் போகும். எஃப்பிஐஎல் என்றால் இரண்டு மணிக்கு முதல் முயற்சி, கிடைக்கவில்லை என்றால் இரண்டரை, மூன்றரை, ஆறு மணி என்று இன்னும் மூன்று முயற்சி. பெரும்பாலான கோளாறு இதற்குள்ளேயே தானாகச் சரியாகிவிடும், பழைய ரேட்டைத் தேடிப் போகவே வேண்டாம்.

சர்வர் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில் இருக்கும், அங்கே காலை 8 மணி என்பது நம் மதியம் 1:30. ஐரோப்பிய மத்திய வங்கி அவர்கள் ஊர் நேரம் மாலை 4 மணி வாக்கில் வெளியிடும். அது குளிர்காலத்தில் நமக்கு இரவு 8:30, கோடையில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதால் 7:30. இரவு 9 மணிக்கு ஓட விட்டால் இரண்டுக்கும் ஒத்துவரும்.

சோர்ஸ் டவுன்னா நேத்து ரேட்டை எடுத்து இன்னைக்கு தேதியில ஒரு வரி போட்டுடறேன். அதுதானே ஃபால்பேக்?

இல்லை, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நாங்கள் செய்தோம், அதனால் சொல்கிறேன்.

முதல் வெர்ஷன் ஸ்கிரிப்ட்டில் இருந்தது நீங்கள் சொன்னதேதான். ரேட் எடுக்கப் போ, கிடைக்கவில்லையா, கடைசி வரியை காப்பி அடித்து இன்றைய தேதியைப் போடு. சோர்ஸ் பக்கம் ஒரு நாள் பேஜ் அமைப்பை மாற்றிவிட்டார்கள், எங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு ரேட் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அது எரர் கத்தாமல், சமர்த்தாக முந்தின நாள் 84.1250-ஐ எடுத்து அன்றைய தேதியில் போட்டது. மறுநாளும் அதையே. ஒன்பது வேலை நாள் இப்படியே போனது. டேபிளைத் திறந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி அழகாக இருக்கிறது. கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. மயிலாப்பூரில் இருக்கும் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் ஒரு பையன், "சார், உங்க டாலர் மட்டும் ரெண்டு வாரமா அசையவே இல்லையே" என்று போன் போட்டான். அன்று உண்மையான ரேட் 84.6100. அன்றைக்குப் போட்டிருந்த 46,000 டாலர் இன்வாய்ஸ் ஒன்றில் மட்டும் டாலருக்கு 48.5 பைசா வித்தியாசம், மொத்தம் 22,310 ரூபாய் கணக்கில் தப்பு.

பழைய ரேட்டைப் பயன்படுத்தியது இங்கே குற்றமே இல்லை, ஒரு நாள் பழைய ரேட்டில் இன்வாய்ஸ் போனால் யாரும் சாகப்போவதில்லை. அதற்கு இன்றைய தேதியை ஒட்டியதுதான் குற்றம். காப்பி அடித்த வரிக்கும் நிஜ வரிக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதும், நாளைக்கு சோர்ஸ் சரியானாலும் எந்தெந்த வரி பொய் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போய்விட்டது. கடைசியில் ஒன்பது நாளையும் கையால் சரிபார்த்தோம். கடைசி ரேட் இரண்டு நாள் உண்மையிலேயே மாறாமல் இருந்ததா, காப்பியா என்ற குழப்பம் வேறு.

அப்போ இன்னைக்கு தேதிக்கு வரியே இல்லாம இருந்தா, இன்வாய்ஸ் போடறப்போ எரர் அடிக்காதா?

எழுதும்போது செய்த வேலையைப் படிக்கும்போது செய்யுங்கள். டேபிளில் சோர்ஸ் நிஜமாகத் தந்த வரிகள் மட்டுமே இருக்கட்டும், ஓட்டை இருந்தால் இருக்கட்டும். ரேட் வேண்டுபவர் "இந்தத் தேதியிலோ அதற்கு முன்னாலோ கடைசியாக இருப்பது எது" என்று கேட்டால் போதும்:

```sql
SELECT rate, rate_date
FROM fx_rate
WHERE base = 'USD' AND quote = 'INR'
  AND source = 'FBIL'
  AND rate_date <= DATE '2025-02-19'
ORDER BY rate_date DESC
LIMIT 1;
```

கவனியுங்கள், ரேட்டோடு அதன் தேதியும் திரும்பி வருகிறது. வாங்குபவர் அந்தத் தேதியையும் சேர்த்து இன்வாய்ஸில் எழுதி வைக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். ரேட்டை மட்டும் தரும் ஃபங்ஷனை யாரும் எழுதாதபடி நான் காவல் காக்கிறேன், ஏனென்றால் தேதி இல்லாத ரேட் வெளியே போய்விட்டால் அது நேற்றையதா போன மாதத்ததா என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

சனி, ஞாயிறு ரேட் வராதே, அப்பவும் ஃபால்பேக்னு அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கு. எப்படி நிறுத்தறது?

இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ரேட் எத்தனை நாள் பழையது என்று எண்ணி அலாரம் வைத்தால் ஒருபோதும் சரிவராது. ஒரு நாளைக்கு மேல் பழையது என்றால் அலாரம் என்று வைத்தால் வாராவாரம் சத்தம் போடும், இரண்டு மாதத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். நான்கு நாள் என்று தளர்த்தினால் செவ்வாய்க்கிழமை செத்த ஸ்கிரிப்ட் சனிக்கிழமைதான் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: சோர்ஸ் கடைசியாக எந்தத் தேதிக்கு ரேட் கொடுத்திருக்க வேண்டும்? அந்தத் தேதி டேபிளில் இருந்தால் எல்லாம் சரி, அது ஐந்து நாள் பழையதாக இருந்தாலும். இல்லையென்றால் கோளாறு, அது ஒரே நாள் பழையதாக இருந்தாலும். 2025 ஈஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 18 புனித வெள்ளி, 21 ஈஸ்டர் திங்கள், இரண்டு நாளும் ஐரோப்பிய மத்திய வங்கி ரேட் வெளியிடாது. நம் ஆபீஸ் 21ஆம் தேதி திறந்திருந்தது. 22 செவ்வாய் மதியம் டேபிளில் கடைசியாக இருந்தது 17ஆம் தேதி ரேட், ஐந்து நாள் பழையது, ஆனால் முற்றிலும் சரியானது. அன்று இரவு 9 மணிக்குப் பிறகும் 17-லேயே நின்றிருந்தால்தான் பிரச்சினை.

அந்த எதிர்பார்க்கும் தேதியைக் கணக்கிடுவது சில வரிதான்:

```python
from datetime import time, timedelta

def expected_date(now_ist, holidays):
    d = now_ist.date()
    if now_ist.time() < time(14, 0):
        d -= timedelta(days=1)
    while d.weekday() >= 5 or d in holidays:
        d -= timedelta(days=1)
    return d
```

இதில் `time(14, 0)` எஃப்பிஐஎல்லுக்கு, ஐரோப்பிய மத்திய வங்கி என்றால் `time(21, 0)` என்று மாற்றிக்கொள்ளுங்கள். `holidays` என்பது சோர்ஸ் இருக்கும் ஊரின் லீவுப் பட்டியல், நம்முடையது இல்லை. எஃப்பிஐஎல் மும்பை வங்கி விடுமுறைகளைப் பின்பற்றும். பிப்ரவரி 19 சத்ரபதி சிவாஜி ஜெயந்தி, மும்பையில் வங்கி லீவு, சென்னையில் சாதாரண வேலை நாள். முதல் வருடம் சென்னைப் பட்டியலைப் போட்டுவிட்டு, அன்று சாயங்காலம் மூன்று பேர் உட்கார்ந்து சர்வரைக் குடைந்துகொண்டிருந்தோம், அங்கே எதுவும் உடைந்திருக்கவே இல்லை. பொங்கலுக்கு இதற்கு நேர் எதிர்: மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் என்று நாம் ஊருக்குப் போயிருப்போம், மும்பை பாட்டுக்கு ரேட் விடும். சென்னைப் பட்டியல் இருந்தால் அந்த நாட்களில் ஸ்கிரிப்ட் செத்தாலும் "லீவுதானே" என்று சும்மா இருந்துவிடும். பட்டியலை வருடா வருடம் டிசம்பரில் புதுப்பிக்க காலண்டரில் குறித்து வையுங்கள்.

எவ்வளவு நாள் வரைக்கும் பழைய ரேட்ல ஓட்டலாம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எங்கள் நம்பர்: எதிர்பார்க்கும் தேதியிலிருந்து இரண்டு வெளியீட்டு நாள் தவறும் வரை பழைய ரேட்டில் ஓடும், ஆனால் அலாரம் முதல் நாளே அடிக்கும். மூன்றாவது வெளியீடும் தவறினால் இன்வாய்ஸ் நிற்கும், ஒருவர் கையால் ரேட் போட்டால்தான் நகரும். உங்களுக்கு ஒரு நாள் கூட ஆகாது என்றிருக்கலாம், ரிப்போர்ட் மட்டும்தான் என்றால் பத்து நாள் கூடத் தாங்கலாம். ரூபாய் வழக்கமாக ஒரு நாளில் எவ்வளவு அசையும், உங்கள் இன்வாய்ஸ் எவ்வளவு பெரியது என்று பெருக்கிப் பார்த்து அந்தத் தொகை தாங்குமா என்று அக்கவுன்ட்ஸிடம் கேளுங்கள். அது புரோகிராமர் தனியாக முடிவு பண்ண வேண்டிய விஷயம் இல்லை.

நம்பர் எதுவாக இருந்தாலும், முடிவே இல்லாமல் மட்டும் விடாதீர்கள். 2022 மார்ச் 1-க்குப் பிறகு ஐரோப்பிய மத்திய வங்கி ரஷ்ய ரூபிளுக்கு ரெஃபரன்ஸ் ரேட் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. கடைசியாக வந்தது ஒரு யூரோவுக்கு 117.201 ரூபிள். மேலே இருக்கும் குவெரியை எல்லை வைக்காமல் ஓட விட்டிருந்தால் இன்றைக்கும் அது 117.201 என்றுதான் பதில் சொல்லும், வருடக்கணக்கில், ஒரு எரர் கூட இல்லாமல். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று யூரோவுக்கு மாறியபோது குனாவும் இப்படித்தான் பட்டியலிலிருந்து காணாமல் போனது. ஃபைல் வரும், மற்ற எல்லா நாணயமும் இருக்கும், ஒன்று மட்டும் இருக்காது. ஆகவே பழமையை ஃபைலுக்கு ஒன்றாகப் பார்க்காமல் நாணயத்துக்கு நாணயம் தனியாகப் பாருங்கள்.

சோர்ஸ் 200 ஓகேன்னு பதில் தருது, ஆனாலும் ரேட் தப்பா இருக்கு. இதுவும் ஃபெயில்தானா?

ஆமாம், இதுதான் மோசமான ஃபெயில். சர்வர் டவுன் என்றால் கதவு சாத்தியிருப்பது கண்ணுக்குத் தெரியும். கதவு திறந்திருந்து உள்ளே வேறு யாரோ உட்கார்ந்திருந்தால்தான் ஆபத்து. நாங்கள் பார்த்தவை: பராமரிப்பு நடக்கிறது என்று ஒரு எச்டிஎம்எல் பக்கம் 200 கோடோடு வருவது, ரேட் பூஜ்யமாக வருவது, நடுவில் ஃபைலின் நகலைச் சேமித்து வைத்திருக்கும் கேஷ் நேற்றைய ஃபைலையே திரும்பத் தருவது.

மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபைல் பிழையில்லாமல் வந்தது, எண்ணும் சரி, ஆனால் அதன் `time` தேதி நேற்றையது. `rate_date`-ஐ நீங்களே இன்றைய தேதி என்று போட்டால் நேற்றைய ரேட் இன்றையதாகிவிடும், நாலாவது கேள்வியில் சொன்ன அதே கதை, இந்தத் தடவை காப்பி அடித்தது நீங்கள் இல்லை, கேஷ். ஃபைலில் இருக்கும் தேதியை அப்படியே எடுத்தால் அந்த வரி ஏற்கெனவே டேபிளில் இருக்கும், `ON CONFLICT DO NOTHING` என்று பேசாமல் போய்விடும், எதிர்பார்க்கும் தேதி இன்னும் வரவில்லை என்று அடுத்த முயற்சிக்குக் காத்திருக்கும். தானாகவே சரியாக நடந்துகொள்ளும்.

ரேட் திடீர்னு எகிறினா நம்பாதேன்னு ஒரு செக் போட்டேன், 2 சதவீதத்துக்கு மேல போனா தள்ளிட்டு பழைய ரேட்டை வெச்சுக்கும். நல்ல ஐடியாதானே?

பாதி நல்ல ஐடியா. யென் நூறு மடங்கு, தலைகீழான ரேட் மாதிரி தப்புகளை அது பிடிக்கும். ஆனால் நிஜமாகவே எகிறும் நாள் வரும். 2013 ஆகஸ்ட் 28 அன்று ரூபாய் ஒரே நாளில் 3 சதவீதத்துக்கும் மேல் விழுந்து டாலருக்கு 68-ஐத் தாண்டியது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி யூரோவுக்கு 1.20 என்று பிடித்து வைத்திருந்த வரம்பைத் திடீரென விட்டதும் ஃபிராங்க் பத்து சதவீதத்துக்கு மேல் எகிறியது. சரியான ரேட் வேண்டும் என்று ரொம்பத் தேவைப்படும் அந்த நாளில்தான் உங்கள் செக் அதைத் தூக்கி எறிந்துவிட்டு பழையதைக் கொடுக்கும்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. முதல் நாள் 3.5 சதவீதம் என்று தள்ளிவிட்டீர்கள். மறுநாள் வரும் ரேட்டை எதோடு ஒப்பிடுவீர்கள்? டேபிளில் இருக்கும் கடைசி ரேட்டோடு, அது முந்தாநாள் ரேட். சந்தை திரும்பி இறங்காத வரை அதுவும் 2 சதவீதத்தைத் தாண்டும், அதையும் தள்ளும். அடுத்த நாளும். ஸ்கிரிப்ட் தன்னைத் தானே பூட்டிக்கொண்டுவிடும்.

நாங்கள் இப்போது தள்ளுவதில்லை, நிறுத்தி வைக்கிறோம். சந்தேகமான ரேட் தனி டேபிளில் போகும், இரண்டு பேருக்கு மெசேஜ் போகும், ஒருவர் பார்த்து சரி என்று அழுத்தினால் உள்ளே வரும். அதுவரை பழைய ரேட்டில் இன்வாய்ஸ் போடவும் விடுவதில்லை, ஏனென்றால் சோர்ஸ் மௌனமாக இருப்பது வேறு, சோர்ஸ் பெரிய சேதி சொல்லி நாம் காதைப் பொத்திக்கொள்வது வேறு.

பழைய ரேட்டுக்குப் போறதுக்கு பதிலா, எஃப்பிஐஎல் வரலன்னா ஐரோப்பா ரேட்டை வகுத்துப் போட்டுடலாமே?

போடலாம், ஆனால் அது அதே ரேட் இல்லை. எஃப்பிஐஎல் நண்பகல் வாக்கில் நடந்த வியாபாரத்தை வைத்துக் கணக்கிடுகிறது, ஐரோப்பிய ரேட் நம் சாயங்காலத்து நிலவரம். சந்தை அமைதியாக இருந்தால் சில பைசா வித்தியாசம்தான், ஆடும் நாளில் அதிகம். என் அபிப்பிராயம்: ஒரு நாள் மட்டும் தவறினால் அதே சோர்ஸின் நேற்றைய ரேட் போதும், இரண்டாவது நாளும் தவறினால் இன்னொரு சோர்ஸ். இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போவதில்லை, எங்கள் டீமிலேயே இரண்டு கட்சி.

எது செய்தாலும் அந்த வரியின் `source` வேறாக இருக்க வேண்டும். எஃப்பிஐஎல் வரிசைக்கு நடுவில் ஐரோப்பா ரேட்டை எஃப்பிஐஎல் என்ற பெயரில் செருகினால், அதுவும் காப்பி அடிப்பதன் தம்பிதான்.

சோர்ஸ் திரும்பி வந்ததும் பழைய இன்வாய்ஸை எல்லாம் புது ரேட்ல மாத்தணுமா?

டேபிளில் இருக்கும் ஓட்டையை நிரப்புங்கள், அனுப்பிய இன்வாய்ஸைத் தொடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயத்தில் எங்களுக்கு இது நடந்தது. அப்போது சர்வர் ஆபீஸிலேயே இருந்தது. 4ஆம் தேதி திங்கட்கிழமை கரன்ட் போச்சு, நெட் போச்சு, புதன்கிழமை வரை ஆள் உள்ளே போக முடியவில்லை. மும்பையில் ரேட் வழக்கம் போல் வந்துகொண்டுதான் இருந்தது, கைவிட்டது சோர்ஸ் இல்லை, நாங்கள். திரும்ப வந்ததும் ஸ்கிரிப்ட் அன்றைய ரேட்டை மட்டும் எடுத்துவிட்டு நடுவில் மூன்று நாளை அப்படியே விட்டுவிட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு முறை ஓடும்போதும் கடந்த பத்து நாளில் விட்டுப்போன தேதி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து அதையும் கேட்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கி இதற்கென்றே 90 நாள் ஃபைல் ஒன்று தருகிறது, `eurofxref-hist-90d.xml`. ஏற்கெனவே போன இன்வாய்ஸில் ரேட்டும் அதன் தேதியும் எழுதியிருப்பதால் (ஐந்தாவது கேள்வி) அது எந்த ரேட்டில் போனது என்பது நிரந்தரமாக இருக்கும், டேபிளில் பிறகு என்ன நிரம்பினாலும் மாறாது. வித்தியாசத்தை எப்படிக் கணக்கில் காட்டுவது என்பது அக்கவுன்ட்ஸ் வேலை. எந்தெந்த இன்வாய்ஸ் என்று எடுத்துக் கொடுப்பதுதான் நம் வேலை, `rate_date`-ஐ இன்வாய்ஸ் தேதியோடு ஒப்பிட்டால் ஒரு குவெரியில் வந்துவிடும்.

இந்த ரேட்டையே ஜிஎஸ்டிக்கும் இன்கம்டேக்ஸுக்கும் போட்டுடலாமா அண்ணே?

கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஜிஎஸ்டியில் பொருளுக்கு சுங்கச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அறிவிக்கப்படும் ரேட், சேவைக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கியல் முறைப்படியான ரேட் என்று 34ஆவது விதி பிரிக்கிறது. வருமான வரி விதிகள் ஸ்டேட் பேங்கின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் ரேட்டைச் சொல்கின்றன. ஒரே நாளில் ஒரே டாலருக்கு மூன்று ரேட் இருப்பது தப்பில்லை. `source` பிரைமரி கீயில் இருப்பதால் மூன்றும் ஒரே டேபிளில் உட்காரும், எதற்கு எதை எடுப்பது என்று ஆடிட்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்ட் ஃபெயில் ஆனா மெயில் வர்ற மாதிரி வெச்சிருக்கேன். அது போதும்ல?

ஸ்கிரிப்ட் ஓடி ஃபெயில் ஆனால் வரும். ஓடவே இல்லை என்றால் யார் மெயில் அனுப்புவது? மிக்ஜாம் மூன்று நாளும் எங்களுக்கு ஒரு மெயில் கூட வரவில்லை, மெயில் அனுப்ப வேண்டிய மிஷினே தண்ணீர் பக்கத்தில் இருட்டில் இருந்தது. அதனால் அலாரம் வேறொரு இடத்திலிருந்து வர வேண்டும். எங்களுடையது வேறு ஊர் கிளவுடில் ஒரு சின்ன வேலை. டேபிளின் `max(rate_date)`-ஐ ஒவ்வொரு நாணயத்துக்கும் எடுத்து எதிர்பார்க்கும் தேதியோடு ஒப்பிடும். டேபிளையே எட்ட முடியவில்லை என்றாலும் அதையும் கோளாறாகவே எடுத்துக்கொண்டு சத்தம் போடும். ஸ்கிரிப்ட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எல்லாம் சரியா வேலை செய்யுதான்னு எப்படி நம்பறது? சோர்ஸ் டவுன் ஆகற வரைக்கும் காத்திருக்கணுமா?

நீங்களே உடையுங்கள். டெஸ்ட் சர்வரில் சோர்ஸ் முகவரியில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டு மூன்று நாள் விடுங்கள். முதல் நாள் இன்வாய்ஸ் பழைய ரேட்டில், பழைய தேதியோடு போக வேண்டும், அலாரம் வர வேண்டும். மூன்றாவது நாள் இன்வாய்ஸ் நிற்க வேண்டும். முகவரியைச் சரி செய்ததும் மூன்று நாளும் தானாக நிரம்ப வேண்டும், நடுவில் போன இன்வாய்ஸ் மாறக் கூடாது. அப்புறம் நேற்றைய ஃபைலையே கொடுத்துப் பாருங்கள், ஒரு நாணயத்தை மட்டும் அழித்த ஃபைலைக் கொடுத்துப் பாருங்கள், யென்னை நூறால் பெருக்கிக் கொடுத்துப் பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை கடைசிச் சோதனையில் அலாரம் வந்தது, ஆனால் ரேட் நிறுத்தி வைக்கப்படாமல் டேபிளில் ஏறியும் விட்டது. ரேட்டை டேபிளில் எழுதும் வரிக்குக் கீழே அந்த செக் இருந்தது.